நாற்காலி யாருக்கு?

1979 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. கம்போடியாவின் பெயரால் அந்த அவையில் உட்கார யாருக்கு உரிமை என்பதுதான் கேள்வி. ஆதரவாக 71 நாடுகள், எதிராக 35, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 34. அந்த முடிவால் இருக்கையைத் தக்கவைத்துக்கொண்டது போல் பாட்டின் கெமர் ரூஜ் அரசு. அந்த அரசு தலைநகரை இழந்து எட்டு மாதங்களுக்கு மேலாகியிருந்தது. அதன் தலைவர்கள் தாய்லாந்து எல்லைக் காடுகளில் இருந்தார்கள். அவர்கள் ஆண்ட மூன்றே முக்கால் ஆண்டுகளில் பட்டினியாலும் நோயாலும் அடிமை உழைப்பாலும் கொலைக் களங்களிலும் பதினைந்து லட்சம் முதல் இருபது லட்சம் பேர் வரை மாண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

தன் மக்களில் இத்தனை பேரைச் சாகடித்து, பிறகு நாட்டையும் இழந்துவிட்ட ஓர் அரசின் தூதர், அந்த மக்களின் குரலாக உலக அவையில் எப்படி உட்கார முடிந்தது? பனிப்போர்க் கால அரசியல் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அரசுகளை அங்கீகரிப்பது பற்றிய விதிகளுக்குள் இருக்கிறது. இன்று மியான்மருக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடந்துகொண்டிருப்பது புரியவேண்டுமானால் அந்த மீதிப் பாதியையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் நாடு வேறு, அதை ஆளும் அரசு வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் நிர்வாகக் குழு மாறினாலும் சங்கம் வாங்கிய கடன் சங்கத்தின் கடனாகவே நிற்பதுபோல, ஆட்சி கவிழ்ந்தாலும் நாடு தொடர்கிறது. அதன் எல்லையும் ஒப்பந்தங்களும் கடன்களும் ஐ.நா. உறுப்புரிமையும் அப்படியே இருக்கின்றன. 1979இல் கம்போடியா என்ற நாடு உறுப்பினராக இருப்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த உறுப்பினரின் சார்பில் பேசுவது யார் என்பதில்தான் சண்டை.

தேர்தல் மூலமோ அரசியல் சட்டப்படியோ ஆட்சி மாறினால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. புதியவர் பதவியேற்பார், மற்ற நாடுகள் வாழ்த்து அனுப்பும், அவ்வளவுதான். இராணுவப் புரட்சியாலோ உள்நாட்டுப் போராலோ அந்நியப் படையெடுப்பாலோ ஆட்சி மாறும்போதுதான் ஒவ்வொரு நாடும் புதியவரை அரசாக ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டி வருகிறது. அப்படி முடிவெடுக்க நெடுங்காலமாகப் புழங்கிவரும் அளவுகோல் நடைமுறைக் கட்டுப்பாடு. நாட்டின் பெரும்பகுதி அவர் கையில் இருக்கிறதா? அவர் உத்தரவு செல்லுபடியாகிறதா, வரி வசூலாகிறதா, மக்கள் பொதுவாகக் கட்டுப்பட்டு நடக்கிறார்களா? அடுத்த மாதமும் அவர் அங்கே இருப்பார் என்று நம்ப இடமிருக்கிறதா? எப்படி வந்தார், நல்லவரா என்ற கேள்விகளை இந்த அளவுகோல் எழுப்புவதே இல்லை.

இந்தக் கோட்பாட்டை மிகத் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு 1923இல் வந்தது. கோஸ்டாரிக்காவில் 1917 ஜனவரியில் பெடெரிக்கோ டினோகோ என்பவர் ஆட்சியைக் கைப்பற்றி, 1919 ஆகஸ்டு வரை, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆண்டார். அமெரிக்காவும் பிரிட்டனும் அவரை அங்கீகரிக்கவில்லை. அவர் ஓடிப்போன பிறகு வந்த அரசு, டினோகோ காலத்து ஒப்பந்தங்கள் பலவற்றைச் சட்டம் இயற்றி ரத்துசெய்தது. அதனால் பாதிக்கப்பட்ட பிரிட்டிஷ் நிறுவனங்களுக்காகப் பிரிட்டன் வழக்காடியது. "நீங்களே அங்கீகரிக்காத ஆட்சி செய்த ஒப்பந்தத்துக்கு எங்களிடம் எப்படிக் கேட்கலாம்?" என்பது கோஸ்டாரிக்காவின் வாதம். நடுவராக இருந்தவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வில்லியம் டாஃப்ட். டினோகோ உண்மையிலேயே நாட்டை ஆண்டார். மற்ற நாடுகள் அங்கீகரித்தனவா என்பது ஒரு சாட்சியம்தான், அதுவே முடிவல்ல என்றார் அவர். ஆட்சி வந்த வழி பிடிக்காமல் அங்கீகாரம் மறுக்கப்பட்டிருந்தால், கட்டுப்பாடு யாரிடம் இருந்தது என்பதற்கு அந்த மறுப்பு பெரிய சாட்சியமும் ஆகாது. (இத்தனைக்கும் வழக்கில் பிரிட்டனுக்குப் பணம் கிடைக்கவில்லை. அது வேறு காரணங்களால்.)

டாஃப்டின் அளவுகோலை அப்படியே வைத்தால் 1979இல் கம்போடியாவின் இருக்கை புதிய அரசுக்குப் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்பதற்கு ஐ.நா.வின் நடைமுறையைப் பார்க்கவேண்டும்.

ஐ.நா. எந்த அரசையும் அங்கீகரிப்பதில்லை. அங்கீகாரம் ஒவ்வொரு நாடும் தனித்தனியாகச் செய்துகொள்ளும் காரியம். ஐ.நா. செய்வது, வந்திருக்கும் பிரதிநிதியின் நியமனக் கடிதத்தைப் பரிசோதிப்பது. பொதுச்சபையின் நடைமுறை விதி 27இன்படி, ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் முன்பாக ஒவ்வொரு நாடும் தன் தூதுக்குழு யார் என்று கடிதம் கொடுக்கவேண்டும். நாட்டின் தலைவரோ அரசின் தலைவரோ வெளியுறவு அமைச்சரோ அதில் கையெழுத்திட வேண்டும். விதி 28இன்படி ஒன்பது நாடுகள் கொண்ட சான்றுக் குழு அந்தக் கடிதங்களைப் பார்த்துப் பொதுச்சபைக்கு அறிக்கை தரும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் வழக்கமாக அந்தக் குழுவில் இருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் இது ஒரு சடங்கு.

ஒரே நாட்டின் பெயரில் இரண்டு கடிதங்கள் வரும்போது சடங்கு சண்டையாகிறது. இரண்டு கடிதத்திலும் ஒரு வெளியுறவு அமைச்சர் கையெழுத்திட்டிருப்பார். கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் உண்மையான அமைச்சர் யார் என்று முடிவுசெய்ய வேண்டும். அதைச் செய்வதும் அரசு எது என்று சொல்வதும் ஒன்றுதான்.

சீனாவின் இருக்கை யாருக்கு என்ற சிக்கல் எழுந்த 1950இலேயே இதற்கு ஒரு வழிகாட்டல் வேண்டும் என்று உணர்ந்தார்கள். அப்போதைய பொதுச்செயலர் டிரிக்வே லீ, நாட்டைக் கையில் வைத்திருப்பவர், மக்கள் கட்டுப்பட்டு நடக்கும் அரசு எதுவோ அதற்கே இருக்கை என்ற திசையில் ஒரு குறிப்பு தயாரித்தார். உறுப்பு நாடுகள் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பொதுச்சபை நிறைவேற்றிய 396ஆம் தீர்மானம், இரண்டு அதிகாரங்கள் உரிமை கோரினால் ஐ.நா. சாசனத்தின் நோக்கங்களையும் கோட்பாடுகளையும் அந்தந்தச் சந்தர்ப்பத்தின் சூழ்நிலைகளையும் கருதி முடிவெடுக்க வேண்டும் என்கிறது. எந்தச் சூழ்நிலைக்கு எவ்வளவு எடை என்று அது சொல்லவில்லை. கடைசியில் கையைத் தூக்கி எண்ணுவதுதான் வழி. சீனாவின் இருக்கை தைவானிலிருந்த சியாங் கை ஷேக்கின் அரசிடமிருந்து பீஜிங்குக்குப் போனது அப்படித்தான், 1971 அக்டோபர் 25 அன்று, 76க்கு 35 என்ற வாக்கில். பெருநிலம் கம்யூனிஸ்டுகள் கைக்கு வந்து அதற்குள் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடியிருந்தன.

இனி கம்போடியா.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை தலைநகர் நோம்பென்னில் நுழைந்தது. நகரங்களைக் காலிசெய்தது, பணத்தையும் பள்ளிகளையும் ஒழித்தது, நாட்டுக்கு ஜனநாயகக் கம்பூச்சியா என்று பெயர் வைத்தது. அண்டை நாடான வியட்நாமின் எல்லைக் கிராமங்களுக்குள் புகுந்து கொலைகளும் செய்தது. 1978 டிசம்பர் 25 அன்று வியட்நாம் பெரும்படையோடு எல்லை தாண்டியது. 1979 ஜனவரி 7 அன்று நோம்பென் வீழ்ந்தது. கெமர் ரூஜிலிருந்து பிரிந்துபோய் வியட்நாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஹெங் சாம்ரின் தலைமையில் கம்பூச்சிய மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது.

போல் பாட் உடனே ஒரு காரியம் செய்தார். அதுவரை வீட்டுக் காவலில் வைத்திருந்த முன்னாள் மன்னர் சிகானூக்கை விடுவித்து, தன் அரசின் சார்பில் பேச நியூயார்க்குக்கு அனுப்பினார். சிகானூக்கின் சொந்தப் பிள்ளைகளில் சிலரே கெமர் ரூஜ் ஆட்சியில் மாண்டிருந்தார்கள். ஆனாலும் அந்நியப் படை தன் நாட்டில் நிற்பதை அவர் கண்டித்தார். பாதுகாப்புச் சபை அவரைப் பேச அனுமதித்தது. அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 15 உறுப்பினர்களில் 13 பேர் ஆதரவு தந்தும் சோவியத் ரஷ்யாவின் வீட்டோவால் அது வீழ்ந்தது.

செப்டம்பரில் விவகாரம் சான்றுக் குழுவுக்கு வந்தது. குழுவில் சீனாவும் அமெரிக்காவும் ஒரு பக்கம், சோவியத் ரஷ்யா மறுபக்கம். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கெமர் ரூஜின் கடிதம் செல்லும் என்று குழு முடிவுசெய்தது. அமெரிக்கா சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி; இந்தத் தூதுக்குழுவை அனுப்பிய அரசின் கடிதத்தைப் போன ஆண்டு ஏற்றோம்; அதைவிடச் சிறந்த உரிமை உள்ள வேறு அரசு எதுவும் இல்லாதபோது அதையே தொடர்வதுதான் முறை; இதற்கு அந்த ஆட்சியை ஆதரிக்கிறோம் என்று பொருளல்ல. படுகொலையைப் பற்றிய பேச்சே காகிதப் பரிசோதனைக்கு வெளியே தள்ளப்பட்டது.

மறுபக்கத்தில் ஆசியான் நாடுகளின் வாதம் இருந்தது. அதை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். ஒரு பெரிய அண்டை நாடு படையெடுத்து வந்து ஆட்சியைத் தூக்கியெறிந்து, தனக்கு வேண்டியவரை அமர்த்தி, அவருக்கு உலக அவையில் இடமும் வாங்கித் தரலாம் என்றால் சிறிய நாடுகளின் கதி என்ன? சிங்கப்பூரின் தூதர் டாமி கோ இதை அவையில் வலுவாக முன்வைத்தவர்களில் முதன்மையானவர். ஹெங் சாம்ரின் அரசின் பின்னால் ஏறத்தாழ இரண்டு லட்சம் வியட்நாம் வீரர்கள் நின்றார்கள். அந்தப் படை போய்விட்டால் அந்த அரசு நிற்குமா என்று 1979இல் யாராலும் சொல்ல முடியவில்லை. நடைமுறைக் கட்டுப்பாடு என்றால் அது தன் சொந்தக் கட்டுப்பாடாக இருக்கவேண்டும். வெளிநாட்டுத் துப்பாக்கியின் கட்டுப்பாட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது சட்ட அறிஞர்கள் பலரின் கருத்தும்கூட.

நியாயமான வாதம். ஆனால் அதே ஆண்டு, அதே அவை, வேறு இரண்டு நாடுகள் விஷயத்தில் என்ன செய்தது? உகாண்டாவுக்குள் புகுந்திருந்த தான்சானியாவின் படை 1979 ஏப்ரலில் இடி அமீனை விரட்டியது. அந்தப் படையின் துணையோடு அமைந்த புதிய அரசின் தூதுக்குழு, அதே கூட்டத்தொடரில் உகாண்டாவின் இருக்கையில் எந்தத் தகராறும் இல்லாமல் உட்கார்ந்தது. கம்போடியா பற்றிய வாக்கெடுப்பு நடந்ததற்கு முந்தைய இரவில் பிரெஞ்சுப் படை மத்திய ஆப்பிரிக்காவில் இறங்கிப் பொகாசாவின் ஆட்சியை அகற்றி, தன் விமானத்தில் அழைத்துவந்த டேவிட் டாக்கோவைப் பதவியில் அமர்த்தியது. அவருடைய அரசுக்கும் ஐ.நா.வில் சிக்கல் வரவில்லை. மூன்று கொடுங்கோலர்கள், மூன்று அந்நியப் படைகள். கொள்கை மூன்றிலும் ஒன்றுதான். வேறுபட்டது, படையெடுத்த நாட்டின் பின்னால் எந்த வல்லரசு நின்றது என்பது. வியட்நாமின் பின்னால் சோவியத் ரஷ்யா நின்றது. சீனா அதே ஆண்டு பிப்ரவரியில் வியட்நாமைத் தாக்கியிருந்தது. சீனாவுடன் அமெரிக்கா அப்போதுதான் முழுத் தூதரக உறவு ஏற்படுத்தியிருந்தது.

இந்த இடத்தில் இந்தியா செய்ததை நம்மில் பலர் அறியமாட்டோம். இரண்டு தரப்பில் யாரையும் அமர்த்த வேண்டாம், இருக்கையைக் காலியாக விடுவோம் என்று இந்தியாவும் வேறு சில நாடுகளும் பொதுச்சபையில் முன்மொழிந்தன. அந்த மாதத் தொடக்கத்தில் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு அப்படித்தான் செய்திருந்தது. கம்போடியாவின் நாற்காலி அங்கே காலியாக இருந்தது. படையெடுப்புக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்ற ஆசியானின் கவலைக்கும் அதில் பதில் உண்டு; கொலைகாரர்களை அவையில் அமர்த்தக் கூடாது என்ற அறத்துக்கும் இடம் உண்டு. நியூயார்க்கில் அந்த யோசனை வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஹெங் சாம்ரின் அரசை ஏற்க மறுத்ததை நான் தவறென்று சொல்லமாட்டேன். கண்ணெதிரே மூன்றாவது வழி இருந்தும் கெமர் ரூஜை அமர்த்தியதுதான் தவறு.

அதன் பிறகு ஆண்டுதோறும் அதே காட்சி. 1980இல் 74 வாக்குகள், 1981இல் 77. கெமர் ரூஜுடன் உறவு வைத்திருந்த நாடுகளுக்கே அது கூச்சமாகிவிட்டது. பிரிட்டன் 1979 டிசம்பரில் போல் பாட் அரசுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. ஹெங் சாம்ரினையும் அது அங்கீகரிக்கவில்லை. சில மாதங்களில், 1980 ஏப்ரலில், இனி நாடுகளை மட்டுமே அங்கீகரிப்போம், அரசுகளை அங்கீகரிப்பதாக அறிவிப்பதில்லை என்று பொதுக் கொள்கையாகவே சொல்லிவிட்டது. அங்கீகரித்தால் ஆமோதிப்பதாக மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அது கொடுத்த விளக்கம். ஆஸ்திரேலியா 1981 பிப்ரவரியில் அங்கீகாரத்தை விலக்கியது. இந்தியா எதிர்த் திசையில் போனது. 1980 ஜூலையில் இந்திரா காந்தியின் அரசு ஹெங் சாம்ரின் அரசை முறைப்படி அங்கீகரித்தது. சோவியத் அணிக்கு வெளியே அப்படிச் செய்த நாடுகள் மிகச் சில. ஆசியானில் அதற்குக் கடும் கோபம் எழுந்தது.

கூச்சத்தைப் போக்க ஒரு போர்வை தேவைப்பட்டது. 1982 ஜூனில் கோலாலம்பூரில் ஒரு கூட்டணி அரசு உருவாக்கப்பட்டது. சிகானூக் தலைவர், கம்யூனிச எதிர்ப்பாளரான சோன் சான் பிரதமர், கெமர் ரூஜின் கியூ சம்பான் வெளியுறவுப் பொறுப்புடன் துணைத் தலைவர். அந்த ஆண்டு ஆதரவு வாக்குகள் 90 ஆயின. ஆனால் நாட்டின் பெயர் ஜனநாயகக் கம்பூச்சியாவாகவே நீடித்தது. நியூயார்க்கில் தூதராகத் தொடர்ந்தவரும் கெமர் ரூஜின் தியூன் பிரசித்தான்.

இதனால் சாதாரண கம்போடியருக்கு என்ன ஆயிற்று? மருத்துவர்களும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் கொல்லப்பட்டுவிட்ட நாடு அது. எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டவேண்டியிருந்தது. ஐ.நா. நிறுவனங்கள் அவசர உணவும் மருந்தும் கொடுத்தன. அணைக்கும் சாலைக்கும் பள்ளிக்கும் ஆன வளர்ச்சி நிதியைக் கொடுக்க வேண்டுமானால் அந்த நாட்டின் அரசோடு உடன்பாடு வேண்டும். ஐ.நா. ஏற்ற அரசு காட்டில் இருந்தது. நோம்பென்னில் இருந்த அரசை ஐ.நா. ஏற்கவில்லை. ஆகவே ஐ.நா.வின் வளர்ச்சி உதவி 1980களில் அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. அதே சமயம் தாய்லாந்து எல்லை முகாம்களுக்கு உதவி போனது. அந்த முகாம்களில் சில கெமர் ரூஜின் கையில் இருந்தன.

இன்னொரு செய்தியைப் படித்தபோது என் மனம் கொதித்தது. 1980 அக்டோபர் 17 அன்று, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் கம்போடியாவின் பெயரால் கையெழுத்திட்டது ஜனநாயகக் கம்பூச்சியா. உயிர்வாழும் உரிமையையும் சித்திரவதைக்கு ஆளாகாத உரிமையையும் பேசும் ஆவணம் அது. தூவோல் ஸ்லெங் சிறையை நடத்தியவர்களின் ஆட்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். நாட்டின் பெயரால் ஒப்பந்தம் செய்யும் உரிமையும் அந்த நாற்காலியோடு சேர்ந்தே வருகிறது.

1989 செப்டம்பரில் வியட்நாம் தன் கடைசிப் படைகளை விலக்கிக்கொண்டதாக அறிவித்தது. படை போனதும் நோம்பென் அரசு சரிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது, அது நின்றது. பனிப்போரும் தணிந்துவந்தது. 1990 ஜூலையில் அமெரிக்கா, கூட்டணியின் ஐ.நா. இருக்கையை இனி ஆதரிக்காது என்று அறிவித்தது. அந்த ஆண்டு பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் ஒரு திட்டத்தில் உடன்பட்டன. நான்கு தரப்பும் சேர்ந்த உச்ச தேசிய மன்றம் ஒன்று அமைந்து, அது நாட்டின் இறையாண்மையைத் தாங்கும், ஐ.நா. இருக்கையும் அதற்கே. 1991 அக்டோபர் 23 அன்று பாரிஸில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. 1993 மே மாதம் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, நாட்டை ஆள்பவரும் நியூயார்க்கில் அதன் பெயரால் பேசுபவரும் ஒன்றானார்கள்.

கூட்டணி அரசின் வெளியுறவைக் கவனித்த அந்தக் கியூ சம்பானை, ஐ.நா.வும் கம்போடியாவும் சேர்ந்து அமைத்த நீதிமன்றம் 2018இல் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் ஆயுள் தண்டனை உறுதியானது. அவருடைய அரசுக்கு இருக்கை தந்ததும் அவரைத் தண்டித்த நீதிமன்றத்துக்குப் பங்காளியானதும் ஒரே ஐ.நா.

இப்போது மியான்மர். 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பறித்தது. நியூயார்க்கில் இருந்த தூதர் ச்சோ மோ துன் ஆங் சான் சூச்சியின் அரசால் நியமிக்கப்பட்டவர். பிப்ரவரி 26 அன்று பொதுச்சபையில் இராணுவத்துக்கு எதிராகப் பேசி, போராட்டக்காரர்களின் அடையாளமான மூன்று விரல் வணக்கத்தைக் காட்டினார். இராணுவம் அவரைப் பதவிநீக்கம் செய்து வேறொருவரை அறிவித்தது. ஆகஸ்டில் காபூல் தாலிபான் வசம் வந்தது. அவர்களும் தங்கள் ஆள் ஒருவரை ஐ.நா.வுக்கு முன்மொழிந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று கூடிய சான்றுக் குழு இரண்டு நாடுகள் பற்றியும் முடிவை ஒத்திவைத்தது. சில நாள்களில் பொதுச்சபை வாக்கெடுப்பு இல்லாமலே அதை ஏற்றது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஒத்திவைப்புதான்.

ஒத்திவைப்பு என்றால் நடுநிலை என்று தோன்றலாம். இங்கேதான் விதி 29ஐப் பார்க்கவேண்டும். ஒரு பிரதிநிதிக்கு ஆட்சேபணை எழுந்தால், முடிவு வரும்வரை அவர் மற்றவர்களுக்குள்ள எல்லா உரிமைகளோடும் தற்காலிகமாக இருக்கையில் இருக்கலாம். அதாவது முடிவைத் தள்ளிப்போட்டால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் தொடர்வார். மியான்மரில் ஏற்கெனவே இருந்தவர் மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் ஆள். ஆகவே ஒத்திவைப்பு இராணுவத்துக்கு எதிராக வேலை செய்கிறது. 1979இல் இதே உத்தியைக் கையாண்டிருந்தால் இருக்கையில் தொடர்ந்திருப்பவர் கெமர் ரூஜின் தூதர்தான்! காலி நாற்காலியும் ஒத்திவைப்பும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதிலும் குழப்பம் உண்டு. ரோஹிங்கியா இனப்படுகொலை பற்றிக் காம்பியா தொடுத்த வழக்கு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் 2022 பிப்ரவரியில் விசாரணைக்கு வந்தபோது, மியான்மர் சார்பில் நின்றவர்கள் இராணுவ ஆட்சி அனுப்பியவர்கள். நியூயார்க்கில் ஒரு மியான்மர், ஹேக்கில் வேறொரு மியான்மர். பொதுச்சபையின் நிலைப்பாட்டை மற்ற அமைப்புகள் கருத்தில் கொள்ளவேண்டும் என்று 1950ஆம் ஆண்டுத் தீர்மானம் கேட்டுக்கொள்கிறது. பொதுச்சபை முடிவே எடுக்காவிட்டால் அவை எதைக் கருத்தில் கொள்ளும்?

ஆப்கானிஸ்தானில் வேறு வகைச் சிக்கல். நாடு முழுவதும் தாலிபான் கையில். டாஃப்டின் அளவுகோலில் அவர்கள் தேறிவிடுவார்கள். 2025 ஜூலையில் ரஷ்யா அவர்களை முறைப்படி அங்கீகரித்தது. அங்கீகரிக்காமலே உறவு வளர்க்கும் நாடுகளும் உண்டு; 2025 அக்டோபரில் தாலிபானின் வெளியுறவு அமைச்சர் டெல்லி வந்தபோது, காபூலில் உள்ள தன் தொழில்நுட்பக் குழுவைத் தூதரகமாக உயர்த்துவதாக இந்தியா அறிவித்தது. பெண் குழந்தைகளை ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கவிடாத ஆட்சி, பெண்கள் உட்பட எல்லா ஆப்கானியருக்காகவும் பேசும் இடத்தில் அமரலாமா என்பது சாசனத்தின் நோக்கங்களைப் பற்றிய கேள்வி. மக்களிடம் உதவியைக் கொண்டுசேர்க்க அந்த ஆட்சியோடுதான் பேசவேண்டும் என்பது நடைமுறை. கம்போடியாவில் செய்ததுபோல இருக்கைச் சண்டைக்காக மக்களைப் பட்டினி போடக் கூடாது. உதவிக்காகப் பேசுவதற்கு இருக்கையைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

எனக்குக் குறையாகப் படுவது ஒன்று. ஒத்திவைக்கும் ஒவ்வொரு முறையும் சான்றுக் குழு ஒரு சில வரிகளோடு நிறுத்திக்கொள்கிறது. ஏன் ஒத்திவைத்தோம் என்று எழுதுவதில்லை. ஏன் இவரை ஏற்றோம், ஏன் அவரை ஏற்கவில்லை, நாட்டைக் கையில் வைத்திருப்பதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தோம், வந்த வழிக்கு எவ்வளவு, மக்களை நடத்தும் முறைக்கு எவ்வளவு என்று அது எழுத்தில் சொல்லவேண்டும். காரணம் எழுதியிருந்தால், உகாண்டாவுக்கு ஒரு நீதி, கம்போடியாவுக்கு வேறு நீதி என்று அதே ஆண்டில் தீர்ப்புச் சொல்வது 1979இல் அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. குழுவின் விதிகளைத் திருத்தப் பொதுச்சபைக்கு அதிகாரம் இருக்கிறது. ஒரு காலத்தில் காலி நாற்காலியைத் துணிந்து முன்மொழிந்த இந்தியா இந்தத் திருத்தத்தையும் முன்மொழிய வேண்டும்.